இல்ல மெய்வல்லுநர் போட்டியும் வெயிலும்: ஒரு பாடசாலையின் இடர்த் திட்டம் எப்படி அமைய வேண்டும்

2024 மார்ச் மாதத்தில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நாடு முழுவதும் கடும் வெப்பம் நிலவிய அந்த நாட்களில், வெளிக்கள விளையாட்டுகளைக் கட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல்களையும் அனுப்பியது. ஆனால் வட, கிழக்கு மாகாணங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் ஜனவரி முதல் மார்ச் வரையில்தான் நடைபெறுகின்றன. வலயமட்டப் போட்டிகள் அவற்றைத் தொடர்ந்து வருவதால் இந்தக் காலத்தைப் பெரிதாக மாற்ற இயலாது. எனவே பாடசாலையின் கையில் எஞ்சியிருப்பவை மூன்று: எந்த மணிக்கு எதை நடத்துவது, தண்ணீரை எப்படிக் கொடுப்பது, ஒரு பிள்ளை விழுந்துவிட்டால் முதல் பத்து நிமிடங்களில் யார் என்ன செய்வது. இடர்த் திட்டம் என்று கோப்பில் வைக்கப்படும் தாளில் இந்த மூன்றுக்கும் தெளிவான விடை இல்லையென்றால், முதலுதவிப் பெட்டியில் எத்தனை பஞ்சுச் சுருள் இருக்கிறது என்ற பட்டியல் மட்டுமே அதில் மிஞ்சும்.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம். இறுதிநாள் நிகழ்வு பெரும்பாலான பாடசாலைகளில் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. நாளின் உச்ச வெப்பநிலை பதிவாவதும் ஏறத்தாழ அந்த வேளையில்தான். வெப்பமானியில் 32 பாகை செல்சியஸ் என்று பார்க்கும்போது அது யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ புதிதல்ல என்று தோன்றும். ஆனால் காற்றின் ஈரப்பதன் 70 வீதமாக இருந்தால், அந்த 32 பாகையை உடல் ஏறக்குறைய 40 பாகையாகவே உணர்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கைகளில் குறிப்பிடும் வெப்பச் சுட்டெண் இதுதான். இந்தச் சுட்டெண் நிழலில் இருப்பவரை வைத்துக் கணிக்கப்படுவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேர்வெயிலில் நிற்பவருக்கு இன்னும் 8 பாகை வரை கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஓடும் பிள்ளைக்கு இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது: தசைகள் செலவிடும் சக்தியில் நான்கில் மூன்று பங்கு வரை வெப்பமாகவே மாறி உடலுக்குள் தங்குகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு உள்ள முக்கிய வழி வியர்வை ஆவியாவது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடுவதால், நனைந்த உடலுடன் ஓடும் பிள்ளையின் உட்சூடு ஏறிக்கொண்டே போகலாம்.

ஆகவே மைதானத்தில் ஓடும் நீண்ட தூர நிகழ்ச்சிகளைப் பிற்பகல் நிகழ்ச்சிநிரலில் வைப்பதே திட்டத்தின் முதற்பிழை. மரதனையும் வீதியோட்டத்தையும் காலை ஆறு மணிக்கு முன்பின்னாக வேறொரு நாளில் நடத்தும் வழக்கம் பல பாடசாலைகளில் ஏற்கெனவே உண்டு. அதே நியாயம் 1500 மீற்றருக்கும் அதற்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கும் பொருந்தும். நூறு மீற்றர் ஓட்டம் பத்துப் பதினைந்து விநாடிகளில் முடிந்துவிடுவதால் அந்த நேரத்துக்குள் உட்சூடு ஆபத்தான அளவுக்கு ஏற வாய்ப்பில்லை. அஞ்சல், பாய்தல், எறிதல் ஆகியவற்றையும் பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். நீண்ட ஓட்டத்தை இறுதிநாளில் நடத்தியே ஆக வேண்டுமென்றால் அது நான்கரை மணிக்குப் பின்னரே இருக்கட்டும். ஒத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அன்று காலை வெளியான வெப்ப எச்சரிக்கையைப் பார்த்து நிகழ்ச்சியை நீக்கும் அதிகாரம் உடற்கல்வி ஆசிரியருக்கோ முதலுதவிப் பொறுப்பாசிரியருக்கோ அதிபரால் முன்கூட்டியே ஒப்படைக்கப்படாவிட்டால், பிரதம விருந்தினர் மேடையில் அமர்ந்த பிறகு அந்த முடிவை எடுக்க யாரும் துணியமாட்டார்கள்.

பிரதம விருந்தினரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இறுதிநாளில் மயங்கி விழுபவர்களில் பலர் ஓட்டக்காரர்கள் அல்லர். அணிநடைக்கும் பாண்ட் வாத்தியத்துக்கும் முழுச் சீருடையில், தொப்பியும் கையுறையுமாக நிறுத்தப்பட்ட பிள்ளைகளே அவர்கள். அசையாமல் நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது. வெயிலில் தோலின் இரத்தக் குழாய்களும் விரிவடைவதால் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து பிள்ளை சரிந்துவிடும். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் ஓரிரு நிமிடங்களில் தெளிந்துவிடும் இந்த மயக்கம் பெரும்பாலும் ஆபத்தற்றது. ஆனாலும் விழும்போது தலை அடிபடலாம். இதற்கான தடுப்பு செலவில்லாதது. விருந்தினரின் வாகனம் வாசலுக்கு வந்த பிறகே அணிகளை நிழலிலிருந்து எழுப்ப வேண்டும். நிற்கும் அணிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குதிக்காலை உயர்த்தித் தாழ்த்தும் கட்டளை கொடுத்தால், கெண்டைக்கால் தசைகள் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளும். வரவேற்புரையையும் அறிக்கை வாசிப்பையும் அணிகள் கலைந்த பிறகு வைப்பது விருந்தினருக்கு எந்தக் குறையையும் ஏற்படுத்தாது.

இல்லக் கூடாரங்களின் கூரையும் இதில் சேர்கிறது. தகரக் கூரை பிற்பகலில் கீழே இருப்பவர்கள் மீது வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கும். கிடுகால் வேய்ந்தாலும், தகரத்தின் மேல் கிடுகைப் பரப்பினாலும் நிழல் உண்மையான நிழலாக இருக்கும்.

இறுதிநாளைவிட அதற்கு முந்திய வாரங்களே எனக்கு அதிக கவலை தருபவை. வெப்பத்தில் உழைக்க உடல் பழகுவதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் தேவை. விடுமுறை முடிந்து வந்த பிள்ளையை முதல் வாரத்திலேயே மாலை மூன்று மணிக்கு மைதானத்தைப் பலமுறை சுற்றவைத்தால், அப்பிள்ளை அந்தப் பழக்கம் இல்லாமலேயே ஓடுகிறது. அன்று மைதானத்தில் முதலுதவிக் குழுவும் இருக்காது, ஐஸும் இருக்காது. பெரும்பாலும் இல்லப் பொறுப்பாசிரியரோ பழைய மாணவரோ ஒருவர் மட்டுமே நிற்பார். எனவே இடர்த் திட்டம் முதற் பயிற்சி நாளிலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும். முதல் வாரம் குறுகிய நேரமும், இரண்டாம் வாரம் முழு நேரமும் என்று பயிற்சியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

யாரை ஓடவிடக்கூடாது என்பதும் பயிற்சிக் காலத்திலேயே முடிவாக வேண்டியது. வடக்கில் டெங்கு மிகுதியாகக் காணப்படுவது வடகீழ்ப் பருவமழையை ஒட்டிய டிசம்பர், ஜனவரி மாதங்களில். அதிலிருந்து அண்மையில் எழுந்த பிள்ளை, கடந்த சில நாட்களில் காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்ட பிள்ளை, நோன்பிருக்கும் பிள்ளை ஆகியோர் அன்று நீண்ட ஓட்டத்தில் இறங்கக்கூடாது. 2025, 2026 ஆண்டுகளைப் போல ரமழான் மாதம் போட்டிக் காலத்தோடு ஒன்றும்போது கிழக்கு மாகாணப் பாடசாலைகள் இதைத் தனியாகத் திட்டமிட வேண்டியிருக்கும். ஓட்டத்தின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ முன்பு வந்திருந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலும், வைத்தியர் பார்த்த பின்னரே பெயர் பதிய வேண்டும். பெற்றோருக்கு அனுப்பும் அனுமதிக் கடிதத்தில் இந்த நான்கைந்து கேள்விகளையும் சேர்த்துவிடலாம். சம்மதக் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொள்வது பிள்ளையைக் காக்காது.

அடுத்தது தண்ணீர். 9 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு ஓடியாடும் வேளையில் ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் 100 முதல் 250 மில்லிலீற்றர் வரை போதும். பதின்ம வயதினருக்குக் கடும் உழைப்பின்போது மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை தேவைப்படலாம். மைதானத்தில் 400 பிள்ளைகள் நான்கு மணிநேரம் இருப்பதாகக் கொண்டால், பார்வையாளர்களாக உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்துச் சராசரியாக ஆளுக்கு மணிக்கு அரை லீற்றர் என்று கணக்கிட்டாலே 800 லீற்றர் ஆகிறது. ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றை நிழலில் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு இல்லத்துக்கும் குழாய் பொருத்திய பாத்திரங்களில் பிரித்துக் கொடுப்பது, போத்தல் தண்ணீர் வாங்குவதைவிட மலிவானது. கிணற்று நீரானால் முதல் வாரமே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவித்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணமாகச் சாப்பிட்டு வந்த பிள்ளைக்குத் தண்ணீரும், சிறிது உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரும், தோடம்பழத் துண்டும் போதுமானவை. குளுக்கோஸ் மாவை உள்ளங்கையில் கொட்டி நக்கவிடும் பழைய வழக்கத்தால் கேடில்லை. ஆனால் அது வெப்பத்துக்கு மருந்தும் அல்ல, வாயை உலரச் செய்வதுதான் மிச்சம். ஜீவனியை எல்லோருக்கும் ஊற்ற வேண்டியதில்லை. நிறைய வியர்த்துத் தசைப்பிடிப்பு வந்தவர்களுக்கும், வாந்தியெடுத்துத் தெளிந்தவர்களுக்கும் அது பொருத்தமானது. ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும் என்பதை முதலுதவிக் குழுவின் மாணவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். அவசரத்தில் ஒரு குவளைத் தண்ணீரில் முழுப் பைக்கற்றையும் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதை விளையாட்டுப் போட்டிகளில் சாதாரணமாகக் காணலாம். அந்தச் செறிவான கரைசல் குடலுக்குள் நீரை இழுத்து நிலைமையை மோசமாக்கும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. ஓட்டத்துக்கு முன் இரண்டு மூன்று லீற்றர் வெறும் தண்ணீரைப் பிள்ளைக்குக் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வெப்பத் தாக்கத்தைப் போலவே தோன்றும் வேறோர் ஆபத்து வரலாம். தாகத்துக்குக் குடிக்கவும், சிறிது சிறிதாகக் குடிக்கவும் வாய்ப்பு இருந்தால் போதும். ஓட்டம் தொடங்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் நூறு மீற்றர் தள்ளி, மாவட்டக் கல்விப் பிரமுகர்களின் கதிரைகளுக்கு அருகே இருந்தால் பிள்ளைகள் அங்கே போகமாட்டார்கள்.

இனி, விழுந்த பிள்ளை. முதலுதவிப் பயிற்சியில் வெப்பச் சோர்வு, வெப்பவாதம் என்று இரண்டைப் பிரித்துக் கற்பிப்பார்கள். சோர்ந்த பிள்ளை வெளிறி, வியர்த்து, தலைசுற்றுகிறது என்று சொல்லும். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் தரும். நிழலில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்தால் அரை மணிநேரத்தில் தெளியும். வெப்பவாதத்தில் உடலின் உட்சூடு 40 பாகையைத் தாண்டி மூளையைத் தொட்டிருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது நடத்தை: தள்ளாட்டம், எரிச்சல், பொருந்தாத பேச்சு, தன் இல்லத்தின் பெயரைக்கூடத் தவறாகச் சொல்வது, வலிப்பு, நினைவிழப்பு. தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பவாதம் என்று பழைய கையேடுகளில் இருந்த விதி மைதானத்தில் ஆளைக் கொல்லக்கூடியது. ஓடி விழுந்த பிள்ளை வெப்பவாதத்திலும் குளிக்கக் குளிக்க வியர்த்திருக்கலாம். அக்குளிலோ நெற்றியிலோ வைத்துப் பார்க்கும் வெப்பமானியும் இங்கே உதவாது. உள்ளே 41 பாகை இருக்கும்போது வியர்த்த நெற்றி 37 காட்டி ஏமாற்றும். எனவே விதி எளிமையாக இருக்கட்டும்: வெயிலில் உழைத்த பிள்ளையின் நடத்தை மாறியிருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது வெப்பவாதமே.

ஓர் உதாரணத்தை நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம். பிற்பகல் 3.40க்கு 1500 மீற்றர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் தன் பாதையை விட்டு உள்ளே வளைந்து ஓடி, முடிவுக் கோட்டுக்கு முப்பது மீற்றர் இருக்கையில் விழுகிறான். எழுந்து நிற்க முயல்கிறான். பொறுப்பாசிரியர் பெயர் கேட்க, அவன் கையைத் தட்டிவிடுகிறான். மூச்சு வேகமாக இருக்கிறது, உடல் நனைந்து கொதிக்கிறது. 3.41க்கு ஒருவர் 1990ஐ அழைக்கிறார். அதே நேரத்தில் நான்கு பேர் அவனை நிழலில் உள்ள குளிர்த்தொட்டிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். காலணியும் மேற்சட்டையும் கழற்றப்படுகின்றன. 3.43க்கு அவன் கழுத்துவரை ஐஸ் நீரில் இருக்கிறான். ஒருவர் பின்னாலிருந்து அக்குள்களின் கீழ் துவாயைச் செலுத்தி, தலை நீரில் அமிழாமல் பிடித்துக்கொள்கிறார். இன்னொருவர் நீரைத் தொடர்ந்து கலக்கிக்கொண்டிருக்கிறார், ஏனெனில் அசையாத நீரில் உடலை ஒட்டிய படலம் சூடேறிக் குளிர்ச்சி தடைப்படும். ஐஸ் நீரில் உட்சூடு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் இறங்கும். 42 பாகையில் விழுந்தவன் பதினைந்து நிமிடத்தில் 39 அளவுக்கு வந்துவிடலாம். அதற்கு முன்பே அம்புலன்ஸ் வந்துவிட்டாலும், வந்தவர்கள் வேறு விதமாகச் சொன்னாலொழிய, குளிர்வித்து முடித்த பிறகே ஏற்ற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுசெல்வது என்ற இந்த வரிசையே உயிரைத் தீர்மானிக்கிறது. விழுந்து அரை மணிநேரத்துக்குள் சூடு இறங்கிவிட்டால் பிழைப்பவர்களே மிகப் பெரும்பாலோர்.

குளிர்த்தொட்டி என்றவுடன் செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. ஒரு பதின்ம வயதினர் உட்காரக்கூடிய பிளாஸ்ரிக் தொட்டி, அரைவாசி நீர், கரையோர ஊர்களில் மீன்வாடிக்குப் போகும் ஐஸ் பார் ஒன்றிரண்டை உடைத்துச் சாக்கில் சுற்றி வைத்தது, இவ்வளவுதான். தொட்டி கிடைக்காவிட்டால் ஒரு படங்கில் பிள்ளையைக் கிடத்தி, ஆறேழு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஐஸ் நீரை ஊற்றி இருபக்கமும் ஆட்டலாம். தொட்டியைவிடச் சற்று மெதுவாக இருந்தாலும் வேலை செய்யும். எதுவுமே இல்லையென்றால் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளி வாளியாக இடைவிடாமல் ஊற்ற வேண்டும். ஐஸ் கட்டியைக் கழுத்திலும் அக்குளிலும் மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பது மிகப் பலவீனமான வழி. நினைவு குழம்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பரசிற்றமோல் கொடுப்பதில் பயனில்லை. அது காய்ச்சலுக்குரியது, இந்தச் சூடு வேறு வழியில் வந்தது.

இந்த வரிசை ஓரிடத்தில் மாறும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மரம்போலச் சாய்ந்து, தட்டி அழைத்தாலும் அசையாமல், இயல்பான மூச்சும் இல்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு இதயம் நின்றிருக்கலாம். இடையிடையே வரும் திணறல் மூச்சை மூச்சென்று எண்ணிவிடக்கூடாது. அங்கே தொட்டியைத் தேடாமல், விழுந்த இடத்திலேயே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும். பயிற்சி பெற்றவர் இருந்தால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு கொடுக்கலாம்.

தொடர்பு எண்களைப் பொறுத்தவரை, 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, 119 பொலிஸ், அண்மைய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, இவை எல்லோரும் எழுதுபவைதாம். எழுதப்படாமல் விடுபடுவது அழைப்பவர் யார் என்பது. பத்துப் பேர் அழைப்பார்கள், அல்லது எல்லோரும் மற்றவர் அழைத்திருப்பார் என்று எண்ணி ஒருவரும் அழைக்கமாட்டார்கள். ஓர் ஆசிரியரை நியமித்து, அவருடைய சட்டைப்பையில் ஒரு தாள் இருக்கட்டும். பாடசாலையின் முழுப்பெயர், வீதி, எல்லோரும் அறிந்த கோயிலோ சந்தியோ ஒன்று, மைதானத்துக்குத் திறந்திருக்கும் வாசல் எது என்பவை அதில் இருக்க வேண்டும். மைதானம் பாடசாலையிலிருந்து தள்ளி இருக்கும் இடங்களில் இந்தத் தாள் இல்லாவிட்டால் அம்புலன்ஸ் பாடசாலை வாசலில் வந்து நிற்கும். ஒலிபெருக்கியின் இரைச்சலில் தொலைபேசியில் பேச முடியாது என்பதால், அறிவிப்பாளரிடம் முன்பே சொல்லிவைத்து, முதலுதவிக் கொடி உயர்ந்தவுடன் ஒலிவாங்கியை நிறுத்தச் செய்ய வேண்டும். இரண்டு மூத்த மாணவர்கள் வாசலில் நின்று வண்டியை வழிகாட்ட வேண்டும். அந்த வாசலில் ஐஸ்கிறீம் வானும் விருந்தினரின் கார்களும் நிற்காமல் பார்த்துக்கொள்வது போக்குவரத்துப் பொறுப்பாசிரியரின் வேலை.

அம்புலன்ஸ் தாமதமானால் என்ன செய்வது என்பதும் முன்பே தீர்மானமாக வேண்டும். முச்சக்கரவண்டியில் இருவர் நடுவே பிள்ளையை உட்காரவைத்துக் கொண்டுபோவது மிக மோசமான வழி: படுக்கவைக்க முடியாது, குளிர்விப்பும் நின்றுவிடும், மூச்சுத் தடைப்பட்டாலும் தெரியாது. படுக்கவைக்க இடமுள்ள ஒரு வானையும் அதன் சாரதியையும் நாள் முழுவதும் மைதானத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். வைத்தியசாலைக்குப் பிள்ளையோடு போகும் ஆசிரியர் கையில் ஒரு சிறு குறிப்பு இருக்க வேண்டும்: விழுந்த நேரம், குளிர்விக்கத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், நினைவு எப்படி இருந்தது, அறிந்த நோய்களும் மருந்துகளும், பெற்றோரில் இருவரின் தொலைபேசி எண்கள். வகுப்பாசிரியரின் பதிவேட்டிலிருந்து இந்த இறுதி இரண்டையும் போட்டிக்கு முந்திய நாளே படியெடுத்து முதலுதவிக் கூடாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பிய பிள்ளையைப் பற்றியும் திட்டத்தில் ஒரு பந்தி வேண்டும். வெப்பவாதம் கண்டவர் வைத்தியசாலையிலிருந்து வந்த பின் குறைந்தது ஏழு நாட்கள் எந்த உடற்பயிற்சியும் செய்யக்கூடாது. அதன் பின்னும் வைத்தியர் பார்த்து, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகள் இயல்புக்கு வந்த பிறகே படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்பலாம். வலயமட்டப் போட்டி இரண்டு வாரத்தில் இருக்கிறது, அவன்தான் நமது சிறந்த ஓட்டக்காரன் என்ற நெருக்கடி அப்போதுதான் வரும். வைத்தியரின் எழுத்துமூலச் சான்று இல்லாமல் அந்தப் பெயரை வலயத்துக்கு அனுப்பும் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று போட்டிக்கு முன்பே அதிபரின் கையொப்பத்துடன் எழுதிவைத்துவிட்டால், பயிற்றுநரும் பெற்றோரும் பையனும் அன்று அதைப் பேரம் பேச வேண்டியிராது.